வீட்டு வரியில் பெயர் மாற்றம்: அப்பாவின் வீட்டில் அப்பத்தாவுக்கும் பங்கு உண்டு

கேள்வி: அப்பா 1994-ல் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, தென்மாவட்ட நகராட்சி ஒன்றில் இருக்கிறது. 2019-ல் அப்பா இறந்துவிட்டார், உயில் எழுதவில்லை. அம்மா, அண்ணன், நான் என மூன்று பேர்தான். வரி ரசீது இன்னும் அப்பா பெயரிலேயே வருகிறது. பெயர் மாற்றப் போனால், 2021-ல் இறந்த அப்பத்தாவின் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பத்தாவுக்கும் இந்த வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? அண்ணன், "என் பெயருக்கு மாத்திக்கிறேன், ஆட்சேபணை இல்லைன்னு ஸ்டாம்ப் பேப்பர்ல ஒரு கையெழுத்து போடு, வெறும் வரி ரசீதுதானே" என்கிறான். போடலாமா? என்னென்ன ஆவணம் கொடுக்க வேண்டும்?

பதில்:

அந்தக் கையெழுத்தை இப்போது போடாதீர்கள். எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டாக மாற்றித் தரும்படி விண்ணப்பம் கொடுங்கள். அப்பத்தாவின் சான்றிதழ்களை நகராட்சி கேட்டது அலைக்கழிப்பதற்காக இல்லை, அவர்கள் கேட்டது சரி. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் ஆவணப் பட்டியல் தானாகப் புரிந்துவிடும்.

நீங்கள் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால், 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சுயசம்பாத்தியச் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் தெரியும். இறந்தவரின் அம்மாவும் அதே முதல் வகுப்பில், அதே அளவு பங்கோடு இருக்கிறார் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அப்பா இறந்த 2019-ல் அப்பத்தா உயிரோடு இருந்தார். ஆகவே அந்த நாளே வீடு நான்கு பங்காகிவிட்டது: அம்மாவுக்குக் கால், அண்ணனுக்குக் கால், உங்களுக்குக் கால், அப்பத்தாவுக்குக் கால். யாரும் எழுதித் தர வேண்டியதில்லை, எங்கும் பதிய வேண்டியதில்லை, சட்டப்படி அந்தக் கால் பங்கு அவருக்குச் சேர்ந்துவிட்டது. அவர் அந்த வீட்டில் குடியிருந்தாரா, அதைக் கேட்டாரா என்பதெல்லாம் இங்கே பொருட்டே இல்லை.

2021-ல் அப்பத்தா இறந்ததும் அந்தக் கால் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகிறது, உங்கள் மூன்று பேருக்குத் திரும்பி வருவதில்லை. அப்பத்தாவுக்கு வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. கணக்குப் புரிவதற்காக, தாத்தா முன்பே இறந்துவிட்டார், உங்களுக்கு ஓர் அத்தை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அப்பத்தாவின் கால் பங்கில் பாதி அத்தைக்கு. மறுபாதி, முன்பே இறந்துபோன மகனின் (அதாவது உங்கள் அப்பாவின்) பிள்ளைகளான அண்ணனுக்கும் உங்களுக்கும் சமமாக. மருமகளான உங்கள் அம்மாவுக்கு இந்த இரண்டாம் சுற்றில் பங்கு இல்லை. வீட்டை 16 பங்காக வைத்துப் பார்த்தால் அம்மாவுக்கு 4, அண்ணனுக்கு 5, உங்களுக்கு 5, அத்தைக்கு 2. மனை 1,600 சதுர அடி என்றால் அத்தையின் பங்கு 200 சதுர அடிக்குச் சமம், அதுவும் எந்த மூலை என்று பிரிக்காத பொதுப்பங்கு. அத்தை இரண்டு பேர் என்றாலோ, சித்தப்பா ஒருவர் இருந்தாலோ கணக்கு மாறும். அப்பாவைத் தவிர அப்பத்தாவுக்குப் பிள்ளைகளே இல்லை என்றால் அந்தப் பங்கு முழுதும் உங்களுக்கும் அண்ணனுக்கும்தான், ஆனாலும் அதைக் காட்டுவதற்கு அவருடைய வாரிசுச் சான்றிதழ் வேண்டும்.

(கிறிஸ்தவக் குடும்பம் என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை, பிள்ளைகள் இருக்கும்போது இறந்தவரின் அம்மாவுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் பங்கு கிடையாது. முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தாலும் அம்மாவுக்கு ஆறில் ஒரு பங்கு உண்டு.)

சரி, "வெறும் வரி ரசீதுதானே" என்கிறார் அண்ணன். ஒருவகையில் அது உண்மை. நகராட்சியின் வரிப் பதிவேடு, யாரிடம் வரி வசூலிப்பது என்பதற்கான பதிவு. அதில் பெயர் ஏறியதால் ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார், பெயர் இல்லாததால் ஒருவரின் பங்கு போய்விடவும் செய்யாது. இந்த மாதிரிப் பெயர் மாற்றம் உரிமையைத் தராது என்று உச்ச நீதிமன்றமும் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் நடைமுறையில் அந்த ரசீதை வைத்துத்தான் கட்டட அனுமதிக்குப் போவார்கள், மின் இணைப்பை மாற்றுவார்கள், கடனுக்கு வங்கியில் காட்டுவார்கள். நீங்கள் போட்டுக் கொடுத்த ஆட்சேபணை இல்லாக் கடிதம் உங்கள் பங்கை அண்ணனுக்கு மாற்றாது, ஆனால் பத்து வருடம் கழித்து ஒரு பாகப்பிரிவினை வழக்கு வந்தால், "அப்போதே விட்டுக்கொடுத்துவிட்டாள், பார், கையெழுத்து" என்று அதைத்தான் எதிரே நீட்டுவார்கள். உங்களுக்கு ஒரு நன்மையும் தராமல் பின்னால் தொந்தரவு மட்டும் தரக்கூடிய காகிதம் அது. அண்ணன் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. அண்ணன் நல்லவராகவே இருக்கலாம், அவருக்குப் பின் வருகிறவர்களும் அந்தக் காகிதத்தைப் படிப்பார்கள் இல்லையா?

இனி ஆவணங்கள். இதில் எல்லாமே ஒரே கனம் இல்லை, ஆகவே சிக்கல் வரும் இடங்களில் மட்டும் நின்று சொல்கிறேன்.

அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அப்பத்தாவின் இறப்புச் சான்றிதழ் இரண்டும் வேண்டும். இரண்டிலும் இறந்த தேதியைப் பாருங்கள், பங்குக் கணக்கு முழுதும் யார் முதலில் இறந்தார் என்பதில்தான் நிற்கிறது. அப்புறம் அப்பாவின் பெயர் 1994 கிரயப் பத்திரத்தில் எப்படி இருக்கிறது, வரி ரசீதில் எப்படி இருக்கிறது, இறப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறது என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இனிஷியல் ஒன்றில் இருந்து இன்னொன்றில் விட்டுப்போவதும், ஒன்றில் பின்னொட்டுப் பெயர் சேர்ந்திருப்பதும் சாதாரணமாக நடப்பவை. இறப்புச் சான்றிதழில் தவறு என்றால் அதைப் பதிவு செய்த பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் ஆதாரம் காட்டித் திருத்தலாம். பத்திரத்தில் தவறு என்றால் எழுதிக்கொடுத்தவர்களை இப்போது தேடிப் பிடிக்க முடியாது, ஆகவே இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் கொடுப்பது வழக்கம், சில இடங்களில் தாசில்தாரிடம் ஒரே நபர் சான்று வாங்கி வரச் சொல்வார்கள். இதை முதலிலேயே முடித்துவிட்டுப் போனால் ஒரு சுற்று அலைச்சல் மிச்சம்.

வாரிசுச் சான்றிதழ்தான் இதில் முக்கியமானது. அதைத் தருவது நகராட்சி அல்ல, தாசில்தார். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பின் தாசில்தாரிடம் போகும். அப்பாவுக்கு ஒன்று, அப்பத்தாவுக்கு ஒன்று என இரண்டு வேண்டும். அப்பாவின் சான்றிதழை 2019-லேயே வாங்கியிருந்தால் அதில் அப்பத்தாவின் பெயர் இருக்கும், அதைப் பார்த்துத்தான் உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இப்போது புதிதாக வாங்குவதாக இருந்தால், "அவங்கதான் இறந்துட்டாங்களே, எதுக்கு எழுதணும்" என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். விண்ணப்பத்தில் அப்பத்தாவைக் காட்டி, பின்னர் இறந்துவிட்டார் என்று தேதியோடு எழுதுங்கள். மறைத்து வாங்கிய சான்றிதழ் என்று பின்னால் அத்தை புகார் கொடுத்தால் அது ரத்தாகலாம், அதை வைத்துச் செய்த பெயர் மாற்றமும் சேர்ந்து ஆடிப்போகும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று பெயர் சொல்லும், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லாது. அப்பத்தாவின் சான்றிதழில் முன்பே இறந்த மகனின் குடும்பம் என்று உங்கள் அம்மாவின் பெயரும் சேர்ந்து வரலாம். வந்தாலும் அப்பத்தாவின் பங்கில் அம்மாவுக்கு எதுவும் கூடிவிடாது, அம்மாவின் கால் பங்கு அப்பாவிடமிருந்து நேராக வந்தது.

சொத்து அப்பாவுடையது என்று காட்ட 1994 கிரயப் பத்திரத்தின் நகலும் வில்லங்கச் சான்றிதழும் வேண்டும். வில்லங்கம் tnreginet.gov.in தளத்தில் எடுக்கலாம், கிரயம் பதிவான தேதிக்குச் சற்று முன்னாலிருந்து இன்றுவரை போடுங்கள். அப்பா கடன் வாங்கி அடமானம் வைத்திருந்து ரத்துப் பத்திரம் பதியாமல் விட்டிருந்தால் அதுவும் இதில் தெரிந்துவிடும். மூலப்பத்திரத்தைக் கவுன்ட்டரில் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். நகலில் நீங்களே கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். பத்திரத்தில் பழைய கதவு எண்ணும் ரசீதில் புதிய கதவு எண்ணும் இருந்தால் விண்ணப்பத்தில் இரண்டையும் எழுதுங்கள், நகர அளவை எண், வார்டு, வரி விதிப்பு எண் எல்லாவற்றையும் சேர்த்து.

வரி பாக்கி இருக்கக் கூடாது. சொத்து வரி அரையாண்டுக் கணக்கு, ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். நடப்பு அரையாண்டு வரை கட்டிய ரசீதை வையுங்கள், குடிநீர்க் கட்டணமும் பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் அதன் கட்டணமும் சேர்த்துத்தான். கூடவே எல்லா வாரிசுகளின் ஆதார் நகல், கைபேசி எண். இங்கே ஒரு விஷயத்தை முன்கூட்டியே யோசியுங்கள்: விண்ணப்பம் போனால் ஆள் வந்து வீட்டைப் பார்க்க வாய்ப்பு உண்டு. அப்பா காலத்தில் மாடியில் ஓர் அறை கட்டி அதற்கு வரி போடாமல் இருந்தால், பெயர் மாற்றத்தோடு வரி திருத்தமும் வரும். அது தண்டனை இல்லை, வர வேண்டியதுதான், ஆனால் வீட்டில் யாரும் எதிர்பார்க்காமல் இருந்து, "நீ விண்ணப்பம் போட்டதாலதான் வரி ஏறிச்சு" என்று சண்டை ஆகிவிடுகிறது. முன்னாலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தை நகராட்சி ஆணையர் பெயருக்கு எழுதுங்கள். tnurbanepay.tn.gov.in தளத்தில் இணைய வழியாகவும் கொடுக்கலாம், அப்படிக் கொடுத்தாலும் கையில் ஒரு கடிதம் தயாராக இருப்பது நல்லது. சுருக்கமாக இப்படி:

"ஐயா, வார்டு எண் __, __ தெரு, புதிய கதவு எண் __ (பழைய எண் __), வரி விதிப்பு எண் __ கொண்ட வீடு எங்கள் தந்தையால் 1994-ல் __ சார்பதிவாளர் அலுவலக ஆவண எண் __ மூலம் கிரயம் பெறப்பட்டது. அவர் __ தேதியில் உயில் ஏதும் எழுதாமல் இறந்துவிட்டார். அவருடைய வாரிசுகளில் ஒருவரான அவர் தாயார் __ தேதியில் இறந்துவிட்டார். இருவரின் இறப்புச் சான்றிதழ்களும் வாரிசுச் சான்றிதழ்களும் இணைக்கப்பட்டுள்ளன. சொத்து இதுவரை பாகம் பிரிக்கப்படவில்லை. ஆகவே மேற்படி வரி விதிப்பையும் குடிநீர் இணைப்பு எண் __-ஐயும் கீழ்க்கண்ட வாரிசுகள் அனைவரின் பெயரிலும் கூட்டாக மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அதன்கீழ் ஒவ்வொருவர் பெயரும், இறந்தவருக்கு என்ன உறவு என்பதும், கையெழுத்தும். குடிநீர் இணைப்பைத் தனியாகக் குறிப்பிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு, அது தனிப் பதிவு, சொல்லாவிட்டால் வீட்டு வரி மட்டும் மாறி தண்ணீர் ரசீது அப்பா பெயரிலேயே தொடரும்.

அத்தை வெளியூரில் இருக்கிறார், கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் என்றால்? அவர் பெயரையும் சேர்த்துத்தான் கேட்கிறீர்கள், அவரிடமிருந்து எதையும் எடுக்கவில்லை, ஆகவே அவர் சம்மதம் இல்லாததால் விண்ணப்பம் கெட்டுப்போகக் கூடாது. அவர் கையெழுத்து இல்லை என்பதை ஒளிக்காமல், முகவரியோடு அவர் பெயரை எழுதிக் கொடுங்கள். இதே இடத்தில் அண்ணன் பெயரில் மட்டும் என்று கேட்டுப் பாருங்கள், அத்தை ஒரே ஓர் ஆட்சேபணைக் கடிதம் கொடுத்தால் போதும், நீதிமன்றத்தில் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்று கோப்பை மூடிவிடுவார்கள். உரிமைத் தகராறைத் தீர்க்கும் அதிகாரம் நகராட்சிக்கு இல்லை. கூட்டுப் பெயர் சுலபம் என்று நான் சொல்வது இதனால்தான்.

விண்ணப்பம் கொடுத்ததும் தேதியும் எண்ணும் உள்ள ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கட்டணம் என்று கேட்பது எதுவானாலும் ரசீது தரும் கவுன்ட்டரில் மட்டும் கட்டுங்கள். குறை இருக்கிறது என்று சொன்னால் என்ன குறை என்பதை எழுத்தில் கேளுங்கள், வாய்மொழியாகச் சொல்லும் குறை ஒவ்வொரு முறையும் மாறும். வாரக்கணக்கில் பதிலே இல்லை என்றால், அந்த ஒப்புகை எண்ணைக் குறிப்பிட்டுக் கோப்பு எந்த நிலையில், யாரிடம் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

இதற்கிடையில் அண்ணன் தனியாக விண்ணப்பம் கொடுத்துவிட்டார் என்று தெரியவந்தால் காத்திருக்க வேண்டாம். வரி விதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு, நானும் வாரிசு, சொத்து பிரிக்கப்படவில்லை, எனக்கு அறிவிப்பு தராமல் ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டாம் என்று வாரிசுச் சான்றிதழ் நகலோடு ஆணையருக்கு விரைவுத் தபாலில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள்.

நீங்கள் எல்லாரும் மனமொத்து வீட்டை அண்ணனுக்கே கொடுப்பதாக இருந்தால் அதற்கு வழி வேறு. நீங்களும் அம்மாவும் அத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். பதிவாகாத விடுதலைக் காகிதத்துக்கு, அது எத்தனை ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் இருந்தாலும், பங்கை மாற்றும் சக்தி இல்லை. குடும்பத்தினருக்குள் விடுதலை என்றால் முத்திரைத்தாள் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று சலுகை உண்டு, இந்த உச்சவரம்புகள் 2023 ஜூலையிலிருந்து இருக்கின்றன. ஆனால் அந்தச் சலுகை, சட்டத்தில் குடும்பம் என்று வரையறுத்த உறவுகளுக்குத்தான். அம்மா மகனுக்கும், தங்கை அண்ணனுக்கும் விடுவது அதில் வரும். அத்தை தன் அண்ணன் பிள்ளைக்கு விடுவதும் அதே கணக்கில் முடியும் என்று நினைத்துப் பணத்தை ஒதுக்கிவிடாதீர்கள், பத்திரம் எழுதும் முன்பே சார்பதிவாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரம் பதிந்தபின் அதன் நகலை வைத்து அண்ணன் தன் பெயருக்குக் கேட்டால் நகராட்சிக்கும் தயக்கம் இருக்காது. உங்கள் பங்கை விடுவதற்கு ஈடாக ஏதாவது பேசியிருந்தால், பணமோ அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்போ, அது அந்தப் பத்திரத்திலேயே வரட்டும்.

உத்தரவு வந்தபின் அடுத்த ரசீதை எடுத்துப் பாருங்கள். எல்லாப் பெயரையும் ஏற்றாமல் மூத்தவர் பெயரைப் போட்டு "வகையறா" என்று முடித்திருந்தால் அப்போதே திருத்தம் கேளுங்கள், அந்த ஒரு சொல்லுக்குள் நீங்களும் அத்தையும் இருக்கிறீர்கள் என்று பத்து வருடம் கழித்து யாருக்கும் தெரியாது. அப்புறம் இதே ஆவணக் கட்டை எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் பட்டாவுக்கும் கூட்டாக விண்ணப்பம் போடுங்கள். நகராட்சியில் பெயர் மாறியதால் பட்டா தானாக மாறாது, மின் இணைப்பும் அப்படித்தான், அதற்கு மின்வாரியத்தில் தனி விண்ணப்பம்.